உரிந்த பெயின்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

*"அண்ணே, மதுரை ஊமச்சிகுளம் பக்கம் புதுசா வீடு கட்டி ஆவணி கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். வெளிப்பூச்சு ஆடி 8-ல் முடிந்தது. ஆடி 28-ல் பட்டி பார்க்க ஆரம்பித்து, பிரைமர், ரெண்டு கோட் எமல்ஷன் எல்லாம் அடித்து முடித்தோம். ஐப்பசி மழைக்கு அப்புறம் மேற்குச் சுவரில் பெயின்ட் அப்பளம் மாதிரி உரிகிறது, பின்னால் வெள்ளை மாவாக இருக்கிறது. கைப்பிடிச்சுவருக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது, குத்தினால் தண்ணீர் வருகிறது. பெயின்டர் பெயின்டைக் குறை சொல்கிறார், கடைக்காரர் பெயின்டரைக் குறை சொல்கிறார். சுரண்டிவிட்டு மேலே வாட்டர்புரூஃப் கோட்டிங் அடித்தால் போதும், தைப்பொங்கலுக்குள் முடித்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?"*

தம்பி, செய்யாதீர்கள். இப்போது அந்தச் சுவருக்குள் தண்ணீர் நிற்கிறது, அதன் மேல் ரப்பர் மாதிரி தடிமனான கோட்டிங்கை அடித்தால் மழைத்தண்ணீர் முன்பக்கமாக உள்ளே போகாது, உண்மைதான், ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பதும் வெளியே வராது. சித்திரை வெயில் அடிக்கும்போது இப்போது இருக்கிற சின்னக் கொப்புளம் உள்ளங்கை அகலத்துக்கு வந்து நிற்கும். அதோடு, உங்கள் சுவரில் இருப்பது ஒரே கோளாறு இல்லை, இரண்டு. நடுச்சுவரில் உரிவது வேறு, மேலே கொப்புளம் கட்டுவது வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து போட்டால் இரண்டும் தீராது.

முதலில் உரிகிறதைப் பார்ப்போம். வெளிப்பெயின்ட் உரிந்தால் நான் முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. விழுந்து கிடக்கிற துண்டை எடுத்து முதுகைத் திருப்பிப் பார்ப்பேன். எந்த அடுக்கு கைவிட்டது என்று அதுவே சொல்லிவிடும். முதுகில் மணலும் சிமெண்டும் ஒட்டிக்கொண்டு வந்தால் பூச்சின் மேல்தோலே பலமில்லாமல் புழுதியாக இருந்திருக்கிறது, அது கொத்தனார் வேலையில் வந்த குறை, இல்லையென்றால் சரியாகத் தண்ணீர் விடாத குறை. முதுகு சுத்தமாக, பெயின்ட் நிறத்திலேயே இருந்து, சுவரில் பிரைமர் அப்படியே கெட்டியாக நின்றால் பிரைமருக்கும் பெயின்டுக்கும் நடுவில் தூசியோ ஈரமோ இருந்திருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது வெள்ளை மாவு. அப்படியென்றால் பெயின்ட் பிரைமரைப் பிடித்திருக்கிறது, பிரைமர் பட்டியின் மேல்தோலைப் பிடித்திருக்கிறது, பட்டி தன்னைத்தானே பிடித்துக்கொள்ளவில்லை. பட்டி நடுவில் பிளந்து பாதி பெயின்டோடு வந்திருக்கிறது, பாதி சுவரில் நிற்கிறது. இதில் பெயின்ட் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உறுதி செய்துகொள்ள ஒரு காரியம் செய்யுங்கள். உரிந்த இடத்தில் சுவரில் மிச்சம் இருக்கிற பட்டியில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு வைத்து, ஐந்து நிமிஷம் விட்டு, கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். விரலில் லேசாக வெள்ளை படிந்தால் பரவாயில்லை. திருநீறு குழைத்த மாதிரி விரலோடு குழைந்து வந்தால் அந்தப் பட்டி செத்த பட்டி. அதன் மேல் எதை அடித்தாலும் அடுத்த மழைக்கு வந்துவிடும்.

ஏன் அப்படி ஆனது? வெளியே பார்க்கிற பட்டி ஒயிட் சிமெண்ட் சேர்ந்தது. அதில் வெள்ளைச் சிமெண்ட், மாவாக அரைத்த வெள்ளைக் கல், ஒட்டுவதற்குக் கொஞ்சம் பாலிமர், இவ்வளவுதான். சிமெண்ட் இருப்பதால் அது காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல்தான் நம் பக்கம் பாதி வெளிச்சுவர் வீணாகிறது. ஆடி மாசம், காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேற்குச் சுவரில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கை வைத்தால் சுடும். அந்தச் சுவரைத் தண்ணீர் விட்டு நனைக்காமல் பட்டியை இழுத்தால், பட்டியில் இருக்கிற தண்ணீரைச் சுவர் பின்பக்கம் உறிஞ்சிவிடும், காற்று முன்பக்கம் எடுத்துவிடும். பத்து நிமிஷத்தில் வெள்ளைவெளேரென்று காய்ந்து நிற்கும். பார்ப்பவருக்கு வேலை சீக்கிரம் ஆன மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே சிமெண்ட் வேலையே ஆரம்பித்திருக்காது. அது வெறும் கல்மாவு. அடுத்த நாள் உப்புத்தாள் போட்டு இழைத்து பிரைமர் அடிக்கும்போது மேல்தோல் மட்டும் கொஞ்சம் கெட்டியாகும். மழை வரும்வரை அந்தத் தோலை நம்பி எல்லாம் நிற்கும்.

நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் திருமங்கலம் பக்கம் ஒரு வீடு, மேற்குப் பார்த்த முகப்பு. சாரம் வாடகை ஏறிக்கொண்டே போகிறதே என்று மத்தியானமும் பட்டி இழுக்கச் சொன்னேன், நனைக்க ஆள் போடவில்லை. அடுத்த கார்த்திகையில் அந்த வீட்டு அம்மா ஒரு முறத்தில் உரிந்த துண்டுகளை அள்ளிவந்து என் முன்னால் கொட்டினார்கள். எல்லாத்துண்டின் முதுகிலும் இதே வெள்ளை. காலையில் நிழலில் பார்த்த இடமெல்லாம் அப்படியே நின்றது, மத்தியானம் பார்த்த இடம் மட்டும் போயிருந்தது, சாரம் கட்டிய வரிசையைக் கோடு போட்டுக் காட்டலாம் போல இருந்தது. முழுச்சுவரையும் என் செலவில் திரும்பச் செய்துகொடுத்தேன். உங்கள் சுவரையும் தள்ளி நின்று பாருங்கள், உரிந்தது எல்லாம் ஒரு வரிசையில், ஓர் உயரத்தில் இருக்கிறதா என்று. இருந்தால் அது எந்த நேரத்தில் பார்த்த பட்டி என்று உங்கள் பெயின்டருக்கே ஞாபகம் வரும்.

இன்னொன்று, அவர் உள்சுவருக்கான அக்ரிலிக் பட்டியை வெளியே பார்த்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அது டப்பாவில் குழைத்தே வரும், பையில் பவுடராக வராது. வீட்டுக்குள் அருமையாக இருக்கும், வெளியே மழை பட்டால் ஊறிக் குழைந்துவிடும். மிச்சப் பையோ டப்பாவோ கிடந்தால் எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. பூச்சு முடிந்து இருபதாம் நாள் பட்டி பார்த்திருக்கிறீர்கள். முகூர்த்தம் நெருங்குகிறது, புரிகிறது. ஆனால் வெளிப்பூச்சுக்கு ஒரு வாரத்துக்குக் குறையாமல், முடிந்தால் பத்து நாள் தண்ணீர் விட வேண்டும். விட்ட தண்ணீர் அப்புறம் வெளியே வரவும் வேண்டும். பூச்சு முடிந்து 28 நாள் என்பது குறைந்தபட்சக் கணக்கு, கலவை தடியாக இருந்தாலோ நடுவில் மழை பெய்தாலோ நாற்பது நாளும் ஆகும். புதுப்பூச்சில் சுண்ணாம்புக் காரம் கடுமையாக இருக்கும், பி.எச். அளவில் 12-க்கு மேல். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வரும்போது அந்தக் காரத்தையும் உப்பையும் கூட்டிக்கொண்டு வந்து பெயின்டுக்கு அடியில் விடும். நிறம் திட்டுத்திட்டாக வெளுப்பதும், வெள்ளை வெள்ளையாக உப்பு பூப்பதும் இதனால்தான். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊரில் அதிலேயே கலவை போட்டு அதையே சுவருக்கும் விட்டால் இன்னும் கூடும்.

நாளை எண்ணுவதைவிடச் சுவரிடமே கேட்டுவிடுவது நல்லது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான பிளாஸ்டிக் தாளை வெட்டிச் சுவரில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். சாயங்காலம் ஒட்டி மறுநாள் சாயங்காலம் பிரியுங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தாலோ, சுவரில் அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் வந்துகொண்டிருக்கிறது. இரண்டு மூன்று இடத்தில், அதிலும் கீழே ஒன்று, கைப்பிடிச்சுவருக்கு அடியில் ஒன்று கட்டாயம் ஒட்டிப் பாருங்கள்.

இப்போது கொப்புளத்துக்கு வருவோம். குத்தினால் தண்ணீர் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரிய உதவி. வெயில் சூட்டில் பெயின்டுக்குள்ளேயே வருகிற கொப்புளம் ஒன்று உண்டு, சுடுகிற சுவரில் இரண்டாவது கோட்டை அவசரமாக அடித்தால் வரும், அதைக் குத்தினால் காற்றுதான் இருக்கும், அடியில் முதல் கோட் தெரியும். உங்களுடையது தண்ணீர்க் கொப்புளம். தண்ணீர் பெயின்டுக்குப் பின்னால் வந்திருக்கிறது, மேற்கு வெயில் அதை ஆவியாக்கி வெளியே இழுக்கிறது, ஆவிக்கு வழி இல்லாமல் பெயின்டைத் தள்ளி ஊதுகிறது. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடாமல் பெயின்டைத் தொடக்கூடாது.

கைப்பிடிச்சுவருக்குக் கீழே என்றால் எனக்கு இரண்டு இடம்தான் சந்தேகம். ஒன்று கைப்பிடிச்சுவரின் தலை. அது மாடிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் மட்டமாகவோ, வெளிப்பக்கம் சரிந்தோ இருக்கும், அதில் மயிரிழை விரிசலும் ஓடும். மழை முழுக்க அங்கே நின்று விரிசல் வழியாக இறங்கும். இரண்டாவது, கான்கிரீட் தளமும் மேலே கட்டிய செங்கல்லும் சேருகிற மட்டம். தளம் வெயிலில் விரியும், ராத்திரியில் சுருங்கும், செங்கல் அதே அளவுக்கு நகராது. அதனால் வெளிப்பூச்சில் படுக்கைவாட்டில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு விடும். கொப்புளங்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே வரிசையாக இருக்கின்றனவா பாருங்கள். இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் மூன்று நாள் நல்ல வெயில் அடித்த பிறகு மாடியில் நின்று கைப்பிடிச்சுவரின் தலையில் மட்டும், வெளிமுகத்தில் வழியாமல், செம்பில் மெதுவாக அரை மணி நேரம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். மறுநாள் காலையில் கீழே சுவர் கறுத்துப் புதுக் கொப்புளம் வந்திருந்தால் வழி கிடைத்துவிட்டது.

சரி, என்ன செய்வது. தைக்குள் பெயின்டை முடிக்க வேண்டும் என்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பொங்கலுக்குச் சுவர் பார்க்க நன்றாக இருக்காது, அது வருத்தம்தான், ஆனால் மார்கழியில் ராத்திரி முழுக்கப் பனி இறங்கி விடியும்போது சுவர் நனைந்து நிற்கும், ஏற்கெனவே ஈரமான சுவர் அதில் எங்கே காயும்? இப்போது செய்ய வேண்டியது சுரண்டுவது மட்டும். பட்டி பிளேடை வைத்து, தானாக வருகிறதை மட்டும் எடுக்காமல், தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்கிற இடம் எல்லாம் கெட்டியான பூச்சு தெரியும்வரை எடுங்கள். ஓரத்தில் ஒட்டி நிற்கிற பெயின்ட் விளிம்பையும் உப்புத்தாள் போட்டுச் சாய்வாக்குங்கள். உப்பு பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். அப்படியே திறந்து போட்டுவிடுங்கள். திறந்த சுவர்தான் காயும்.

இந்த இடைவெளியில் கைப்பிடிச்சுவரைச் சரி செய்யுங்கள். தளத்து மட்டத்தில் ஓடுகிற விரிசலை அப்படியே மேலே பூசி மறைக்காமல், ஆங்கில வி எழுத்து மாதிரி அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டித் திறந்து, தூசியை ஊதி எடுத்து, விரிந்து கொடுக்கிற அக்ரிலிக் விரிசல் நிரப்பியை அழுத்தி அடையுங்கள். சிமெண்ட் வைத்து அடைத்தால் ஒரு கோடைக்குள் அதே இடத்தில் விடும். தலைப்பகுதியை மாடிப்பக்கம் சரிவாகப் பூசி, வெளிவிளிம்பு சுவரைவிட ஒரு அங்குலம் துருத்தி நிற்கிற மாதிரி விட்டு, அதன் அடியில் ஒரு விரல் தடிமனில் காடி எடுக்கச் சொல்லுங்கள். வழிகிற தண்ணீர் சுவரைத் தொடாமல் காடியிலேயே சொட்டிவிடும். சன்ஷேடுக்கு அடியிலும் இதே காடி இருக்கிறதா பாருங்கள். வாட்டர்புரூஃப் கோட்டிங் வாங்க வைத்திருக்கிற காசை இங்கே, இந்தத் தலைக்கு இரண்டு கோட்டாக, புதுப்பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு அடியுங்கள். அது இருக்க வேண்டிய இடம் இதுதான்.

மாசியில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பாருங்கள். வேர்க்கவில்லை என்றால் வேலையை ஆரம்பிக்கலாம். மேற்குச் சுவர் என்பதால் காலை பனி காய்ந்ததிலிருந்து உச்சி வரைக்கும் மட்டும்தான் வேலை, சுவர் நிழலில் இருக்கிற நேரம் அது. மத்தியானம் ஆட்களைக் கிழக்குச் சுவர்ப் பக்கமோ உள்வேலைக்கோ அனுப்பிவிடுங்கள்.

பட்டி விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. வெளிச்சுவர் முழுக்கப் பட்டி பார்ப்பதே எனக்குப் பிடிக்காது. ஸ்பான்ஜ் பினிஷ் செய்த பூச்சு இருந்தால் பிரைமரும் பெயின்டும் அதைப் பிடிப்பது போல எதையும் பிடிக்காது. வழவழவென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நடுவில் ஒரு பலவீனமான அடுக்கை நாமே கொண்டுவந்து வைக்கிறோம். பத்தடி தள்ளி நின்று பார்க்கிற சுவர்தானே. பள்ளம், ஓட்டை, சுரண்டிய இடத்து விளிம்பு, இவற்றுக்கு மட்டும் பாருங்கள்.

பார்க்கும் இடத்தை முதலில் நன்றாக நனையுங்கள். தண்ணீர் மேலே வழிந்து மினுக்கக்கூடாது, உறிஞ்சி முடித்து மேல்முகம் மங்கலாகவும் தொட்டால் குளிர்ச்சியாகவும் இருக்கிற நேரம்தான் சரியான நேரம். கலவை 5 கிலோ பட்டிக்கு 1.8 லிட்டரிலிருந்து 2 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். கட்டி இல்லாமல் கலக்கி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, திரும்ப ஒரு தடவை கலக்கி எடுத்தால் வெண்ணெய் மாதிரி பிளேடில் நிற்கும். இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்கிற அளவு மட்டும் கலக்க வேண்டும். இறுக ஆரம்பித்த கலவையில் இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றி இளக்குவது நம் ஊரில் தினமும் நடக்கிறது, அந்த இடத்தில்தான் பின்னால் மாவு வரும், யாராவது செய்தால் அந்தச் சட்டியைக் கொட்டச் சொல்லுங்கள். இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதைவிட ஆழமான பள்ளத்தைச் சிமெண்ட் கலவையால் நிரப்பி அது காய்ந்த பிறகு பட்டிக்கு வாருங்கள். நேரத்தோடு வெயில் வந்துவிட்டால், பட்டி இறுகிய பிறகு லேசாகத் தண்ணீர் தெளித்தாலும் நல்லதுதான்.

அப்புறம் முழுசாகக் காயவிட்டு, நைஸ் உப்புத்தாளால் இழைத்து, தூசியைத் துணியால் துடைத்து எடுங்கள். துடைக்காமல் பிரைமர் அடித்தால் பிரைமர் தூசியைத்தான் பிடிக்கும்.

பிரைமர் வெளிச்சுவருக்கென்று போட்ட, காரம் தாங்குகிற அக்ரிலிக் பிரைமராக இருக்க வேண்டும். உள்சுவர் பிரைமர் விலை குறைவு என்று மாற்றிவிடுவார்கள், டின்னை நீங்களே பார்த்து வாங்குங்கள். தண்ணீர் எவ்வளவு சேர்க்கலாம் என்று டின்னிலேயே போட்டிருக்கும், அந்த அளவுக்கு ஒரு குவளை வைத்து அளந்து ஊற்றச் சொல்லுங்கள். கண்ணளவில் ஊற்றினால் பிரைமர் மோர் மாதிரி ஆகிவிடும், சுவர் வெள்ளையாகத் தெரியும், பிடிமானம் இருக்காது. பிரைமர் காய்ந்த மறுநாள் கறுப்புத் துணியால் சுவரை அழுத்தித் துடையுங்கள். துணியில் வெள்ளை வந்தால் பெயின்ட் வாளியைத் திறக்காதீர்கள், இன்னொரு கோட் பிரைமர் அடித்து மறுபடியும் துடைத்துப் பாருங்கள். பிரைமருக்குப் பதில் ஒயிட் சிமெண்டைக் கரைத்து அடிக்கிற பழக்கமும் நம் பக்கம் உண்டு. அது கெடுதல் இல்லை, ஆனால் அதுவும் சிமெண்ட்தான், இரண்டு நாள் தண்ணீர் தெளித்தால்தான் இறுகும், அதை யாரும் செய்வதில்லை, அதனால் நான் அதை வேண்டாம் என்கிறேன்.

பெயின்ட் இரண்டு கோட், நடுவில் குறைந்தது நாலு மணி நேரம். காலையில் ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மேற்குச் சுவருக்குச் சரியாக இருக்கும். பழைய பெயின்ட் நிற்கிற இடத்துக்கும் புது இடத்துக்கும் நிறம் ஒட்டுத் தெரியும், அதனால் அந்த ஒரு சுவரை மட்டும் மூலையிலிருந்து மூலை வரை முழுசாக அடித்துவிடுங்கள்.

மற்ற மூன்று சுவரையும் சுரண்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், முதலில் சோதியுங்கள். கூர்மையான பிளேடால் பெயின்டில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு, பூச்சு வரை இறங்குகிற மாதிரி கீறி, பழுப்பு நிறப் பேக்கிங் டேப்பை அதன் மேல் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று ஒரே இழுப்பில் பிரியுங்கள். ஒரு சுவருக்கு நாலைந்து இடம், மேலும் கீழுமாக. டேப்போடு பெயின்ட் வந்து அதன் முதுகில் வெள்ளை இருந்தால் அந்த இடமும் மேற்குச் சுவரின் கணக்குத்தான். கீறிய கோட்டில் கொஞ்சம் மட்டும் உதிர்ந்து மிச்சம் அப்படியே நின்றால் அந்தச் சுவரைத் தொடாதீர்கள், கீறிய இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் இரண்டு தடவை பெயின்டைத் தொட்டு வைத்துவிடுங்கள்.